பழைய பேப்பர்காரர் கையில இருக்கிற தராசு

மஞ்சள் வேக வைக்கிறதைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். இந்த வாரம் மனசு வேற ஒரு இடத்துல கிடக்கு. கோபமாத்தான் எழுதறேன், பொறுத்துக்குங்க.

எங்க ஊர் பால் சொசைட்டியை ஒரு தடவை காலையில வந்து பார்க்கணும் நீங்க. அஞ்சரை மணிக்குக் கூட்டம் நிக்கும். அரை லிட்டர் பால் கொண்டு வர்ற பாட்டிக்கும் அளவு உண்டு, டிகிரி உண்டு, கொழுப்பு உண்டு, கடைசியில சீட்டு உண்டு. ஊத்துறவரும் எழுதுறவரும் முப்பது வருஷப் பழக்கம். ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் மொய் எழுதினவங்க. இருந்தாலும் அளக்காம ஒரு சொட்டுப் பாலும் கேனுக்குள்ள போகாது. அதை யாரும் அவமானமா நினைக்கிறதில்லை. நம்பிக்கை வேற, அளவு வேறங்கறது ஊர்ல எல்லோருக்கும் தெரிஞ்ச கணக்கு.

ஆனா 1,350 ரூபாய்க்கு நாங்க ஆன்லைன்ல விக்கிற ஒரு தோசைக்கல், வாங்கினவங்க வீட்டு வாசல்ல இருந்து திரும்பக் கிளம்பும்போது அதை யாரும் எடை போடுறதில்லை. என் சண்டை முழுக்க இந்த ஒரு இடத்துலதான்.

கோபிக்குப் பக்கத்துல நாலு ஏக்கர் காடு எங்களுக்கு. கரும்பும் மஞ்சளும் மாத்தி மாத்தி வச்சு, கையில ஒண்ணும் நிக்காத ஒரு வருஷத்துல வீட்டுக்காரம்மா கேட்டாங்க: "ஏனுங்க, ஊர்ல எல்லாரும் நம்ம வீட்டு தோசைக்கல்லைக் கேக்கறாங்களே, அதையே பழக்கி வித்தா என்ன?" கோயமுத்தூர் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில கல்லை வாங்கி, வீட்டுல பழக்கி, பெரிய விற்பனைத் தளம் ஒண்ணுல போட ஆரம்பிச்சோம். ஒண்ணேகால் வருஷத்துல 312 கல் போயிருக்கு.

பழக்கறதுன்னா சும்மா எண்ணெய் தடவுறது இல்லீங்க. பட்டறையில இருந்து வர்ற கல்லை முதல்ல தேய்ச்சுக் கழுவணும். மூணு நாள் வடிகஞ்சியில ஊறப் போடணும், தினமும் கஞ்சியை மாத்தணும். முதல் நாள் கஞ்சி கன்னங்கரேல்னு வரும், மூணாம் நாள் தெளியும். அப்புறம் காய வச்சு, நல்லெண்ணெய் தடவி, விறகு அடுப்புல காய்ச்சி, வெங்காயத்தைத் தேய்ச்சு, ஆற விட்டு, மறுபடியும் எண்ணெய். இப்படி நாலஞ்சு சுத்து. ஒரு கல் தயாராக ஒரு வாரம் ஆகும். வாங்கினவங்க முதல் தோசையையே ஒட்டாம எடுக்கணும்ங்கறதுக்குத்தான் இத்தனை பாடும்.

போன தை மாசம் ஒரு கல் திரும்பி வந்துச்சு. காரணம் "தவறான பொருள் வந்தது"ன்னு போட்டிருந்தது. பெட்டி எங்க பெட்டிதான். ஸ்கூல் விட்டு வந்த பசங்க ஆசையா பிரிச்சாங்க. உள்ளே இருந்தது வேற கல். கல்லுன்னு சொல்றதே தப்பு, இரும்புத் தகட்டை வளைச்சுக் கைப்பிடியை ஆணி அடிச்சு மாட்டின சாதாரண தோசைத் தட்டு. நடுவுல பள்ளம் விழுந்து, ஓரமெல்லாம் துரு. யாரோ பல வருஷம் தோசை ஊத்தி ஓய்ஞ்ச தட்டு அது. எங்க கல்லுல கைப்பிடி தனியா இருக்காது, ஒரே வார்ப்புல கல்லோட சேர்ந்தே வரும். தட்டிப் பார்த்தா மணி மாதிரி சத்தம் வரும். இது ரெண்டையும் தெரியாதவங்க யாரும் தோசைக்கல் வாங்க வர மாட்டாங்க.

ஆக, பழைய தட்டைக் கொடுத்துட்டுப் புதுக் கல்லை வச்சுக்கிட்டாங்க. எங்க ஊருக்குப் பாத்திரக்காரர் வருவார், பழைய ஈயப் பாத்திரத்தை எடுத்துக்கிட்டுப் புதுசு கொடுப்பார். அவர்கூட மேல காசு வாங்குவார். இங்க மேல காசையும் அவங்களே வாங்கிக்கிட்டாங்க. திரும்ப எடுத்துட்டுப் போன அன்னிக்கே அவங்க கணக்குக்கு 1,350 ரூபாய் போயிடுச்சு. பெட்டி என் கைக்கு வர்றதுக்கு ஒன்பது நாள் முன்னாடியே!

இந்த இடத்துல டவுன்ல இருந்து படிக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நிறையப் பேர் நினைக்கிறது: "பணத்தைக் கம்பெனிக்காரன்தானே கொடுக்கிறான், அவனுக்கு இதெல்லாம் கொசு கடிச்ச மாதிரி." கம்பெனிக்காரர் கொடுக்கலீங்க. அவர் எனக்குக் கொடுக்க வேண்டிய அடுத்த பட்டுவாடாவுல கழிச்சுக்கிறார், அவ்வளவுதான். கணக்கைப் பாருங்க. 1,350-ல் கல்லுக்கு 560, பழக்குற எண்ணெய், விறகு, கூலிக்கு 70, அட்டைப் பெட்டிக்கும் பேக்கிங்குக்கும் 60, தளத்தோட கமிஷனும் கட்டணமும் 190, கூரியர் 130, வரி 130. எனக்கு நிக்கிறது 210 ரூபாய். கல்லை மாத்தி அனுப்பினா கமிஷனும் வரியும் திரும்ப வரும். ஆனா கல், பழக்கின செலவு, பெட்டி, போன கூரியர் எல்லாம் போச்சு. அதுக்கு மேல திரும்பி வந்த கூரியருக்கு 150 என் தலையில. மொத்தம் 970 ரூபாய். இதை ஈடு கட்ட இன்னும் அஞ்சு கல் விக்கணும். அந்த அஞ்சு கல்லும் எங்களுக்குச் சும்மா வித்த கணக்கு.

புகார் போட்டேன். "பெட்டியைப் பிரிக்கும் வீடியோ எங்கே?"ன்னு கேட்டாங்க. பசங்க பிரிச்சதை யாரு படம் பிடிச்சா? அந்தப் பழைய தட்டை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, எங்க கல்லோட போட்டோவையும் வச்சு அனுப்பினேன். ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு: போதிய ஆதாரம் இல்லை, புகார் முடிக்கப்பட்டது. வாங்கினவங்ககிட்டயே பேசலாம்னா அவங்க நம்பர் எங்களுக்குத் தெரியாது. அதுல எனக்கு வருத்தம் இல்லை, முன்பின் தெரியாத வியாபாரிக்கெல்லாம் நம்பர் போகக் கூடாதுதான்.

இனிமேதான் விஷயமே இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் பட்டுவாடாவோட கணக்குச் சீட்டு வந்துச்சு. வழக்கமா மொத்தத்தை மட்டும் பார்ப்பேன். அன்னிக்குக் கோபத்துல ஒவ்வொரு வரியாப் படிச்சேன். கூரியர்ல எடைக்குத் தகுந்தபடி படி இருக்கும், அரைக் கிலோவுக்கு அரைக் கிலோ ஏறும். பெட்டி பெருசா இருந்து பொருள் லேசா இருந்தா, நீளம் அகலம் உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல் வகுத்து வர்ற எடையை எடுத்துக்குவாங்க. எங்க பெட்டி 32-க்கு 32-க்கு 8. அந்தக் கணக்குப்படி ஒரு கிலோ 640 கிராம்தான் வரும். கல் அதைவிடக் கனம், அதனால நிஜ எடைக்குத்தான் எங்களுக்கு எப்பவும் பில்.

அந்தச் சீட்டுல போன பெட்டியோட எடை 3 கிலோ 50 கிராம். மூணரைக் கிலோ படியில காசு பிடிச்சிருக்காங்க. திரும்பி வந்த பெட்டியோட எடை 1 கிலோ 720 கிராம். ரெண்டு கிலோ படியில காசு பிடிச்சிருக்காங்க.

மறுபடியும் படிச்சுப் பாருங்க. அதே பெட்டி, அதே பொருள், அப்படியே திரும்பி வந்ததா இருந்தா ஒரு கிலோ 330 கிராம் எங்கே போச்சு? என் கல்லு வழியில கரைஞ்சு போச்சா? ஆதாரம் இல்லைன்னு சொன்னவங்க கையிலேயே ஆதாரம் இருந்திருக்கு. அந்த எடையை நம்பித்தான் என்கிட்ட கூரியர் காசு வாங்கியிருக்காங்க. காசு வாங்கறதுக்கு எடை செல்லும், நியாயம் சொல்றதுக்கு மட்டும் செல்லாதா?

அந்தச் சீட்டை வச்சு மறுபடியும் புகார் போட்டேன். பதில் என்ன தெரியுங்களா? பெட்டி கைக்கு வந்து ஏழு நாளுக்குள்ள புகார் போடணுமாம், கெடு முடிஞ்சு போச்சாம். எடை இருக்கிற சீட்டு என் கைக்கு வந்ததே பதினாலாம் நாள். சாட்சி கோர்ட்டுக்கு வர்றதுக்கு முந்தின வாரமே தீர்ப்பை எழுதிட்டாங்க.

இதுல நான் ஒண்ணை மறைக்கக் கூடாது. எல்லாக் காலிப் பெட்டிக்கும் வாங்கினவங்கதான் காரணம்னு சொன்னா அது பாவம். வழியில கிடங்குல பிரிச்சு எடுத்துட்டு ஒட்டி அனுப்புறதும் நடக்குது. எங்களுக்கே ஒண்ணு நடந்துச்சு. "காலிப் பெட்டிதான் வந்துச்சு"ன்னு ஒருத்தர் புகார் போட்டார். நாங்க முதல்ல அவரைத்தான் சந்தேகப்பட்டோம். பெட்டி திரும்பி வந்தப்ப பார்த்தா எங்க பழுப்பு டேப்புக்கு மேல இன்னொரு டேப் ஓடுது, கூரியர் கிடங்குல ஒட்டுற மாதிரியான டேப். அவர் சொன்னது நிஜம். அவரை மனசுக்குள்ள திட்டினதுக்கு இன்னிக்கும் வெக்கமா இருக்கு.

அதனாலதான் எடையைப் பிடிச்சுத் தொங்குறேன். எடை யார் பக்கமும் சாயாது. பெட்டி ஒவ்வொரு கிடங்கைத் தாண்டும்போதும் எடையைப் பதிஞ்சு வச்சா, எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல குறைஞ்சதுன்னு தெரிஞ்சுடும். போகிற வழியிலேயே குறைஞ்சிருந்தா வாங்கினவர் மேல பழி இல்லை. கடைசிக் கிடங்கு வரைக்கும் முழு எடை இருந்து, திரும்பக் கிளம்பி முதல் கிடங்குக்கு வந்தப்பக் குறைஞ்சிருந்தா, தப்பு வாங்கினவர் வீட்டுக்கும் அந்தக் கிடங்குக்கும் நடுவுல. அந்த நடுவுல ரெண்டே பேர்தான்: வாங்கினவர், எடுத்துட்டு வர்ற தம்பி. வாசல்லயே எடை போட்டுட்டா அந்த ரெண்டு பேர்ல யாருன்னும் தெரிஞ்சுடும். நேர்மையா வாங்குறவருக்கும் அதுதான் காவல், அந்தத் தம்பிக்கும் அதுதான் காவல்.

எங்க பக்கம் பெட்டி எடுக்க வர்ற தம்பிகிட்டக் கேட்டேன்: "ஏந்தம்பி, திரும்பி வாங்கறப்ப உள்ள என்னன்னு பார்க்க மாட்டீங்களா?"

"பார்ப்போமுங்கண்ணா. போன்ல படம் வரும், ரெண்டு மூணு கேள்வி வரும். ஆமா, இல்லைன்னு அழுத்தணும்."

"தோசைக்கல்லுன்னா?"

"கருப்பா, வட்டமா இருந்தா ஆமாங்கண்ணா." சிரிச்சுட்டே சொன்னார். "ஒரு பெட்டிக்கு இவ்வளவுன்னுதான் எங்களுக்குக் கூலி. மூணாவது மாடியில நின்னு, அக்கா இது வார்ப்பா தகடான்னு தட்டிப் பார்த்துட்டு இருந்தா அன்னிக்குச் சோறு யார் போடுவாங்க?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா ஊர் ஊரா வர்ற பழைய பேப்பர்காரர் கையில ஒரு கொக்கித் தராசு இருக்கும், பார்த்திருப்பீங்க. சில நூறு ரூபாய்தான் விலை. ஒரு பெட்டியை மாட்டித் தூக்க அரை நிமிஷம். பழைய நியூஸ் பேப்பருக்கு இருக்கிற மரியாதை எங்க வீட்டுக் கல்லுக்கு இல்லையா?

எடை எல்லாத்துக்கும் மருந்து இல்லைன்னும் தெரியும். சேலை விக்கிறவங்களுக்கு இது உதவாது, புதுச் சேலைக்கும் கட்டிக் கசங்கின சேலைக்கும் ஒரே எடைதான். விவரமான ஆளா இருந்தா பெட்டிக்குள்ள செங்கல்லை வச்சு எடையைச் சரிக்கட்டிடுவார். அதுக்கும் சேர்த்து இப்ப ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். கைப்பிடிக்கு அடியில எண் அச்சை வச்சுச் சுத்தியல்ல அடிச்சு ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எண் பதிக்கிறோம். கல், எண், தராசு, ஒட்டின முகவரிச் சீட்டு எல்லாம் ஒரே போட்டோவுல விழற மாதிரி எடுத்து வைக்கிறோம். திரும்பி வந்தா, முகவரிச் சீட்டைக் காட்டுறதுல ஆரம்பிச்சு, பெட்டியோட ஆறு பக்கமும் காட்டி, அப்படியே தராசுல வச்சு, பிரிச்சு, எண்ணைக் காட்டுற வரைக்கும் நடுவுல நிறுத்தாம ஒரே வீடியோ. வீட்டுக்காரம்மா போனைப் பிடிப்பாங்க, நான் பிரிப்பேன். கல்யாண வீடியோகாரர்கூட இவ்வளவு கவனமா எடுக்க மாட்டார். அதுக்கப்புறம் கல் மாறி வந்தது ரெண்டு. ஒண்ணுக்கு முழுப் பணம் கிடைச்சது. இன்னொண்ணுக்கு, வீடியோவுல முகவரிச் சீட்டு தெளிவா இல்லைன்னு தள்ளிட்டாங்க.

மறுபக்கத்தையும் சொல்லிடறேன். போனுக்குப் பணம் கட்டிச் சோப்புக் கட்டி வாங்கினவங்க கதை உங்களுக்கும் தெரியும். ஏமாத்துற வியாபாரி இருக்கான், நிறையவே இருக்கான். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், குறையுள்ள பொருளையோ சொன்னதுக்கு மாறான பொருளையோ திரும்ப எடுத்துக்க வியாபாரி மறுக்கக் கூடாதுன்னு சொல்லுது. நல்ல விதி, எனக்கும் சம்மதம்தான். எங்ககிட்ட இருந்து விரிசல் விட்ட கல் போயிருக்கு, வாய் பேசாம திரும்ப வாங்கியிருக்கோம். திரும்பி வந்த ஒன்பதுல அஞ்சு நிஜமான காரணம்தான். ஆனா அந்த விதி சொல்றது விற்ற பொருளைத் திரும்ப எடுக்கணும்னு. விக்காத பொருளைத் திரும்ப எடுக்கணும்னு எந்த விதியிலயும் இல்லையே. கல்லை வச்சுக்கிட்டுத் தட்டை அனுப்பிப் பணம் கேக்கறதுக்கு "ரிட்டன்"னு பேர் கிடையாது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ம் பிரிவு மோசடியைப் பத்திப் பேசுது, அதுக்குள்ள வர்ற சங்கதிதான் இது. ஆனா 970 ரூபாய்க்காக, பேரும் நம்பரும் தெரியாத ஒருத்தர் மேல, அறுவடையை விட்டுட்டு எந்த ஸ்டேஷன்ல போய் நான் நிக்கிறது? அது அவங்களுக்கும் தெரியும். அந்தத் தைரியத்துலதான் நடக்குது.

விற்பனைத் தளங்களை நான் கேக்கறது மூணே மூணு. திரும்ப எடுக்கிற பெட்டியை வாசல்லயே எடை போட்டு, அந்த எடையை வாங்கினவர், வித்தவர் ரெண்டு பேர் போனுக்கும் அப்பவே அனுப்புங்க. போன எடைக்கும் வந்த எடைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா, பொருளைப் பிரிச்சுப் பார்க்கிற வரைக்கும் பணத்தை நிறுத்தி வைங்க. எங்களுக்கான ஏழு நாள் கெடுவை, எடை எங்க கண்ணுல பட்ட நாள்ல இருந்து எண்ணுங்க. இதுக்குப் புதுசா எந்த மிஷினும் வேண்டாம். எடை ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு, கூரியர் பில் போடுறீங்களே!

உங்களுக்கும் ஒண்ணு. பொருளைத் திருப்பி அனுப்பும்போது காரணத்தைச் சரியாப் போடுங்க. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னே போடுங்க. "தவறான பொருள்"னு ஒரு அழுத்து அழுத்தினா திரும்பற கூரியர் எங்க தலையில, எங்க கடை மேல ஒரு கரும்புள்ளி வேற. நாளைக்கு உங்க வாசல்ல ஒரு தம்பி தராசோட நின்னா, "என்னைச் சந்தேகப்படுறியா?"ன்னு கேக்காதீங்க. எங்க சொசைட்டியில தொண்ணூறு வயசுப் பாட்டிகூட அப்படிக் கேக்கறதில்லை. அளவு கம்மியா எழுதிட்டாங்களான்னு சீட்டைத்தான் வாங்கிப் பார்ப்பாங்க.

அந்தத் துருப்பிடிச்ச தட்டு இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு. கோழிக்குத் தண்ணி வைக்கிறோம். 970 ரூபாய்த் தட்டுல தண்ணி குடிக்கிற கோழி இந்த ஜில்லாவுலேயே எங்க வீட்டுலதான் இருக்கும்.